பன்னிரண்டு மூடி

"ரெண்டு ஸ்பூன்தான்னு சொல்றேன் கா, ரெண்டே ரெண்டு..."

"நீ சொல்லி நான் அளக்கணுமா? பதினோரு வருஷமா..."

"பதினோரு வருஷமும் அந்த பாட்டில் கா. இது வேற..."

"பாட்டில்னா பாட்டில்தான். காபி எசென்ஸ்னு எழுதியிருக்கா இல்லையா?"

"அதுலயும் அப்படித்தான் எழுதியிருக்கு. உள்ள இருக்கறது வேற."

"உள்ள இறங்கிப் போய் பாத்தியாக்கும்."

"லேபிள்ல போட்டிருக்கு கா."

"வந்துட்டா லேபிள்."

பெரியவள் தன் ஓரகத்திக்கு வைத்த பெயர் அது. சின்னவள் கல்யாணத்துக்கு முன் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். எதைக் கையில் எடுத்தாலும் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தை வாசித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். இந்த பேக்கரிக்கு மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதத்தில் சமையல் சோடா, வெண்ணெய், ஈஸ்ட் என்று அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டாள். பெரியவளின் காபி எசென்ஸ் ஒன்றுதான் பாக்கி இருந்தது. இன்று காலை அதையும் வாசித்தாள்.

"கொஞ்சம் கேளுங்க கா. இது உங்க பழைய பாட்டில். முதல்ல என்ன போட்டிருக்கு? சர்க்கரை. அப்புறம் தண்ணி. அப்புறம் சிக்கரிச் சாறு. அதுக்கும் கீழதான் காபிச் சாறு. எது அதிகமோ அதத்தான் முதல்ல போடுவாங்க."

"அதனால?"

"அதனால அது பாகு மாதிரி. கிலோவுக்கு ஆறு மூடி ஊத்தினாதான் ருசி தெரியும். புதுசுல பாருங்க. சர்க்கரையே கிடையாது, சிக்கரியும் கிடையாது. வெறும் வாசனைச் சாறு, ரொம்ப கெட்டியா எடுத்தது. கிலோவுக்கு ஒரு ஸ்பூன். ரெண்டு கிலோ கிரீமுக்கு ரெண்டு ஸ்பூன். இன்னொண்ணு, இது நிறம் தராது. நிறத்த பாத்து ஊத்தாதீங்க."

"அப்போ பதினோரு வருஷமா நான் ஊருக்கெல்லாம் சர்க்கரைப் பாகும் சிக்கரியும்தான் வித்திருக்கேன். அதத்தானே சொல்ல வர்ற?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல கா."

"வேற எப்படிச் சொன்ன?"

"போதும்." மாமியார் கடைப்பக்கக் கதவில் வந்து நின்றார். கையில் பாதி கட்டிய கேக் பெட்டி இருந்தது. "முன்னாடி ஆள் நிக்குது. ரெண்டு பேரும் பேசறது ரொட்டிய விட சூடா வெளிய வருது. மணி பத்தாகுது. நாலு மணிக்கு ஹோட்டல் சமையல் தலைவர் வர்றாரு. காபி கேக் யாரு பண்றது?"

"நான்தான் அத்தை," என்றாள் பெரியவள்.

"எந்த பாட்டில்ல?"

பெரியவள் பழைய பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் பாதிக்கும் குறைவாகக் கிடந்தது. இரண்டு கிலோவுக்குப் பன்னிரண்டு பெரிய மூடி வேண்டும். இருப்பது அதில் பாதிக்குத்தான் வரும். மொத்த விற்பனைக் கடையில் மூன்று வாரமாக அந்தச் சரக்கு இல்லை. அங்கே போய் நின்று, கேட்டு, இந்தச் சின்ன பாட்டிலை வாங்கி வந்தவள் சின்னவள்தான். நூறு மில்லி, கட்டை விரல் நுனி அளவுக்கு ஒரு மூடி.

"காபிப் பொடியில வேணா நான் அடிச்சுத் தரட்டுமா?" என்றாள் சின்னவள். மாமியாரிடம் கேட்டாள், பெரியவளிடம் இல்லை.

"வேண்டாம்," என்றாள் பெரியவள். "இதுலயே அடிக்கிறேன்."

"சரி. ஆனா இவ சொல்ற அளவ போடு," என்றார் மாமியார். "அவருக்குப் பிடிச்சா வாரம் முப்பது கேக். உன் கேக்கு பிடிச்சிருந்தா இனி இந்த கிரீம் மேஜை உனக்கு, இல்லன்னா இவளுக்கு. இன்னொருத்தி அடுப்புப் பக்கம். ஒரு மேஜைக்கு ரெண்டு ராணி வேண்டாம், எனக்குக் காது வலிக்குது."

போய்விட்டார். பெட்டியின் மூடியை மடிக்க மறந்து அப்படியே எடுத்துப் போனார்.

ஒரு மேஜைக்கு ரெண்டு ராணி. பதினோரு வருஷத்தில் மாமியார் பெரியவளை ராணி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதிலும் பாதியைச் சின்னவளுக்குக் கொடுத்துவிட்டார்.

போன வாரம் நடந்தது பெரியவளுக்கு இன்னும் ஆறவில்லை. சின்னவள் விளையாட்டாக ஒரு காபி கேக் செய்தாள். உடனடிக் காபிப் பொடியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, கிரீமில் கலந்தாள். மாமியார் ஒரு துண்டு வாயில் போட்டார். கண்ணை மூடினார்.  பிறகு இன்னொரு துண்டு எடுத்தார். பெரியவளின் கேக்கைப் பதினோரு வருஷமாகச் சாப்பிடுகிறவர், ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. "நல்லா இருக்கு" என்று கண்ணைத் திறந்துகொண்டே சொல்வார், கல்லாவைப் பார்த்துக்கொண்டு.

அன்று படுக்கையில் பெரியவள் கணவனிடம் கேட்டாள். "உங்கம்மா எதுக்கு கண்ண மூடினாங்க?"

"தூக்கம் வந்திருக்கும்."

"மத்தியானம் ரெண்டு மணிக்கா?"

"அதுதான் தூக்கம் வர்ற நேரம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். அடுப்புக்குப் பொறுப்பு அவன். விடியுமுன் எழுகிறவன்.

சின்னவள் காலை டெலிவரிக்காக ரொட்டிக் கூடைகளை வண்டியில் ஏற்றினாள். கிளம்புமுன் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, பாட்டில நல்லா குலுக்கிட்டு எடுங்க. ரெண்டு ஸ்பூன்."

"போறியா இல்லையா?"

போனாள்.

இப்போது கிரீம் மேஜையில் பெரியவள் மட்டும். வெண்ணெயும் சர்க்கரைத் தூளும் மெஷினில் அடிபட்டு வெளுத்து, பஞ்சு போல ஏறியிருந்தது. பெரியவள் புது பாட்டிலைத் திறந்தாள். மூடி சட்டென்று கழன்றது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பழைய பாட்டில் என்றால் மூடியும் கழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, ஒரு நிமிஷம் பொறுத்து, ஒரு திருகு திருகவேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தம் என்று அவள் கைக்கு மட்டும்தான் தெரியும். கணவன் ஒரு முறை முயன்று கண்ணாடியை உடைத்திருக்கிறான்.

இரண்டு ஸ்பூன் அளந்து ஊற்றினாள். தண்ணீர் மாதிரி ஓடியது. மெஷினை ஓட்டினாள்.

கிரீம் வெள்ளையாகவே இருந்தது.

இன்னும் ஒரு நிமிஷம் ஓட்டினாள். பழைய துணியைத் துவைத்த மாதிரி லேசான மங்கல். அவ்வளவுதான். பெரியவளின் காபி கிரீம் என்றால் மரப்பெட்டி நிறம். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே விரலைக் காட்டி, "அந்த பிரவுன் கேக்" என்று கேட்பார்கள். அவள் கிரீமை ருசி பார்ப்பதே கிடையாது. ருசி பார்த்துச் செய்கிறவர்கள் கற்றுக்குட்டிகள் என்பது அவள் எண்ணம். அவள் கண்தான் அவள் அளவு.

"நிறத்த பாத்து ஊத்தாதீங்கன்னா என்ன அர்த்தம்?" என்று மெஷினிடம் கேட்டாள். "உன் கேக்கு பிரவுனா இருக்கும், என் கேக்கு வெள்ளைக்காரியாட்டம் நிக்கும். ஹோட்டல்காரர் வந்து, இதுல காபி எங்கம்மான்னு கேப்பாரு. அப்போ நீ பக்கத்துல பொடி டப்பாவோட நிப்ப. அதானே?"

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"அதுக்குத்தான் ரெண்டு ஸ்பூனு. என்னை வெறுங்கையா நிக்க வைக்கறதுக்கு."

ஒரு மூடி ஊற்றினாள். இன்னொரு மூடி. இந்த மூடி சின்னது, ஒரு ஸ்பூன் அளவுதான் பிடிக்கும். பெரிய மூடியில் பன்னிரண்டு போடுகிற கைக்கு இது என்ன? ஐந்து. ஏழு. இப்போதுதான் மெல்ல நிறம் தட்டியது. பத்து மூடி ஆனபோது, போட்டிருந்த இரண்டு ஸ்பூனோடு சேர்த்துப் பன்னிரண்டு, கிரீம் இளம் மரத்தின் நிறத்துக்கு வந்து நின்றது. நிறுத்தினாள்.

வாசனை மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. கெட்டிச் சாறு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கேக்கை இரண்டாக அறுத்து, கிரீம் தடவினாள், மேலே வரிவரியாக இழைத்தாள். கணவன் அடுப்பிலிருந்து தட்டை இறக்கிவிட்டு வந்தவன், கிண்ணத்து ஓரத்தில் இருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தான்.

வைத்த வேகத்தில் தொட்டிக்குப் போய்த் துப்பினான்.

"என்னடி இது? கருகின மருந்து மாதிரி இருக்கு. நாக்கு மரத்துப் போச்சு."

"சும்மா சொல்லாதீங்க."

"நீயே வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். கசப்பு முதலில் வந்தது, பிறகு வாசனைத் திரவியம் குடித்தது போல ஒரு நெடி, அது போகவேயில்லை. தண்ணீர் குடித்தாள். தண்ணீரும் கசந்தது.

"எவ்வளவு ஊத்தின?"

"சொன்ன அளவுதான்."

"சொன்ன அளவுக்கா இப்படி?"

"அவ வாங்கிட்டு வந்த பாட்டில். அவளப் போய் கேளுங்க." வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் பெரியவளுக்கே அது எவ்வளவு வசதியான பதில் என்று தெரிந்தது.

அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடுப்புப் பக்கம் போனான். அவளுக்குப் பாட்டில் ஞாபகம் வந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. காலையில் சீல் உடைத்த பாட்டில். இரண்டு ஸ்பூன் எடுத்தால் கழுத்தைக்கூடத் தாண்டி இறங்காது என்று சின்னவளுக்கு, அந்த லேபிளுக்கு, ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

பழைய பாட்டில் அலமாரியில் நின்றது.

வெந்நீர்த் துணியைச் சுற்றித் திருகினாள். அடியில் இருந்த பாகை அப்படியே சின்ன பாட்டிலுக்குள் சாய்த்தாள். மெதுவாக, கருப்பு நூல் போல இறங்கியது. கழுத்து வரை வந்ததும் நிறுத்தினாள். வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்தாள், மூடியைத் திருகினாள். பழைய பாட்டிலில் மிச்சமிருந்த கொஞ்சத்தைத் தொட்டியில் கொட்டிக் கழுவி, வடியட்டும் என்று தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். சின்ன பாட்டிலை அதன் இடத்தில், அடுப்புக்கு மேல் இருந்த அலமாரித் தட்டில் வைத்தாள். அங்கே எப்போதும் அனல் அடிக்கும்.

பன்னிரண்டரைக்குச் சின்னவள் திரும்பியபோது மாமியார் கேக்கின் முன் நின்றிருந்தார். ஒரு துண்டு வெட்டப்பட்டு, ஒரு கடியோடு தட்டில் கிடந்தது. அவர் கண்ணை மூடியிருக்கவில்லை.

"எத்தன ஸ்பூன் போடச் சொன்ன?" என்றார் சின்னவளிடம்.

"ரெண்டு, அத்தை."

"எத்தன போட்ட?" பெரியவளிடம்.

"ரெண்டு."

மாமியார் அடுப்புக்கு மேலிருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கழுத்து வரை இருந்தது. "ரெண்டுதான் போட்டிருக்கா. அப்போ என்ன கண்றாவிய வாங்கிட்டு வந்த?"

சின்னவள் தட்டிலிருந்த துண்டைப் பார்த்தாள். ருசி பார்க்கும் முன் அவள் பார்த்தது நிறத்தை. "ரெண்டு ஸ்பூனுக்கு இந்த நிறம் வராதே," என்றாள் மெதுவாக.

"வந்திருக்கே. நான் என்ன சாயமா பூசினேன்?" என்றாள் பெரியவள்.

"இல்ல கா, நான் அப்படிச் சொல்லல."

"எப்பவும் நீ அப்படிச் சொல்ல மாட்ட. சொல்லி முடிச்ச பிறகு சொல்லலன்னு சொல்லுவ."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றார் மாமியார். "சின்னவளே, வாங்கினவ நீ, அளவு சொன்னவ நீ. நீயே இன்னொரு தரம் அடி. அதே பாட்டில், அதே ரெண்டு ஸ்பூன், என் கண்ணு முன்னால. பாட்டில் சரியில்லன்னா மொத்தக் கடைக்காரன் மூஞ்சியில கொண்டு போய் வீசறேன். நீ சொன்ன அளவு தப்புன்னா, அடுப்புப் பக்கம் போய் நில்லு."

பெரியவளுக்கு அந்த நிமிஷம் வயிறு குளிர்ந்தது. உண்மையாகவே குளிர்ந்தது. அடுப்புப் பக்கம் போய் நில்லு என்று சின்னவளைப் பார்த்துச் சொன்னாரே, அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, புதுக் கிரீம் அடித்து முடிக்கும்போது மணி மூன்றாகிவிட்டது. சின்னவள் பாட்டிலை எடுத்தாள். மூடி அசையவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகினாள். அசையவில்லை.

"என்ன இது, திறக்க மாட்டேங்குது."

"கொண்டா," என்றாள் பெரியவள். யோசிக்கும் முன் வாய் முந்திக்கொண்டது. கையும் முந்திக்கொண்டது. வெந்நீர்த் துணியைச் சுற்றி, ஒரு நிமிஷம் பொறுத்து, ஒரு திருகு. திறந்துகொண்டது.

"அதுக்குத்தான் பழகின கை வேணுங்கறது," என்றார் மாமியார். பாராட்டுதான். பெரியவள் நிமிர்ந்து நின்றாள்.

சின்னவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். பாட்டிலைக் குலுக்கினாள். ஸ்பூனில் சாய்த்தாள். காலையில் தண்ணீர் போல ஓடியது இப்போது ஸ்பூன் ஓரத்தில் தயங்கி நின்று இறங்கியது. அவள் ஸ்பூனைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு இரண்டும் ஊற்றினாள். மெஷின் ஓடியது.

மாமியார் விரலில் தொட்டு வைத்தார். நாக்கைச் சப்பினார்.

"காபி எங்க?"

சின்னவள் வைத்துப் பார்த்தாள். எங்கோ தூரத்தில் காபி இருந்தது, அவ்வளவுதான். மற்றபடி வெறும் வெண்ணெய்.

"காலையில ரெண்டு ஸ்பூன், நாக்கு வெந்து போச்சு. இப்போ ரெண்டு ஸ்பூன், ஒண்ணுமே இல்ல," என்றார் மாமியார். "பாட்டிலுக்குள்ள பேயா இருக்கு?"

"கள்ளச் சரக்கா இருக்கும்," என்றாள் பெரியவள். "மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி."

சொன்ன பிறகு, குலுக்கிய பாட்டிலில் மேலேது கீழேது என்று அவளுக்கே தோன்றியது. மாமியாருக்குத் தோன்றவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் அம்பது நிமிஷம். என்ன பண்ணலாம்?"

யாரிடம் கேட்கிறார் என்று பெரியவள் பார்த்தாள். சின்னவளிடம்.

"பொடி இருக்கு அத்தை. இதே கிரீம்ல சேர்த்துடலாம்."

"இனிப்பு ஜாஸ்தியாயிடாதா?"

"ஆகாது. பொடியில சர்க்கரை இல்ல, வெறும் காபிதான். ரெண்டு கிலோவுக்கு நாலு பெரிய ஸ்பூன் போடுவேன். இதுல ஏற்கெனவே கொஞ்சம் வாசனை இருக்கு, மூணரை போதும். பொடிய அப்படியே போட்டா கரையாது, புள்ளி புள்ளியா நிக்கும். நாலு ஸ்பூன் வெந்நீர்ல கரைச்சு, ஆறின பிறகு ஊத்தணும். சூடா ஊத்தினா வெண்ணெய் உருகிடும். தண்ணி அதிகமானா திரிஞ்சிடும்."

"சரி, பேசாம பண்ணு."

பண்ணினாள். கரைத்த கிண்ணத்தைப் பனிக்கட்டித் தட்டில் வைத்து ஆற்றினாள், இழை இழையாக ஊற்றினாள், மெஷினை மெதுவாக ஓட்டினாள். கிரீம் நிறம் மாறிக்கொண்டே வந்து, போன வாரத்து நிறத்தில் நின்றது. பெரியவள் எதிரில் நின்று கேக் அறுத்துக் கொடுத்தாள். மூன்று அடுக்கு, கத்தி ஒரு நூல் விலகாமல். யாரும் பார்க்கவில்லை.

மாமியார் கிண்ணத்தின் ஓரத்தை வழித்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

பெரியவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிய பக்கத்தில், தொட்டி ஓரத்தில், கழுவிக் கவிழ்த்த பழைய பாட்டில் வெயிலில் பளபளத்தது. காலையில் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சரக்கு இருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். குப்பையில் போட்டிருக்கலாம். இப்போது எடுக்கப் போனால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நின்றாள்.

சின்னவளும் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கேக்கின் மேல் கடைசி வரியை இழைத்தாள்.

கடைக்கதவின் மணி ஒலித்தது. ஒரு ஆணின் குரல், "இங்க காபி கேக்னு சொன்னாங்களே," என்றது.

"வந்துட்டாரு," என்று மாமியார் கைகளைத் துடைத்தார். கேக்கை இரண்டு கையாலும் தூக்கினார். கதவை முழங்கையால் தள்ளியபடி திரும்பினார். "பெரியவளே, நீ மனசுல வச்சுக்காத. பாட்டில் உன் தப்பில்ல. சின்னவளே, இனிமே பொடிதான். கண்ட கண்ட பாட்டிலை வாங்காத."

"சரி அத்தை," என்றாள் சின்னவள்.

சரி என்றாளே, அதுதான் பெரியவளைச் சுட்டது. வாதாடியிருக்கலாம். ஸ்பூனைக் காட்டியிருக்கலாம். கழுவிக் கவிழ்த்த அந்தப் பாட்டிலைக் கொண்டுபோய் மாமியார் மூக்குக்கு நேராக நீட்டியிருக்கலாம். பெரியவள் அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள். பேசாமல் இருப்பதிலும் இவள் ஒரு படி மேலே போய்விட்டாள்.

கதவு ஆடி நின்றது. அந்தப் பக்கம் மாமியாரின் சிரிப்பு, தட்டு வைக்கும் ஓசை, கத்தி தட்டில் படும் ஓசை. பிறகு நிசப்தம். யாரோ மென்றுகொண்டிருக்கிறார்கள்.

பெரியவள் கிண்ணத்தைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் புது பாட்டிலின் மூடி. அதன் உள்வட்டத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்து பளபளத்தது. சின்னவள் அதை விரலால் தொட்டாள், விரலை நாக்கில் வைத்தாள். தண்ணீர்க் குழாயை மூடினாள். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில் கேட்டாள்.

"சர்க்கரையே இல்லாத பாட்டிலோட மூடி எப்படி கா ஒட்டிக்கிச்சு?"